சுவரெழுத்திலிருந்து துண்டறிக்கை வரை

எண்பதுகளில் மதுரையில் சுவர் விளம்பரம் எழுதும் கடை ஒன்றில் வேலை பழகினேன். அப்போது எங்களிடம் வந்த வாசகங்களைப் பார்த்தவுடனே எது வியாபாரிகள் கொடுத்தது, எது அரசாங்கம் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். வியாபாரிகள் எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். சோப்பு மணக்கும், பல் பளிச்சிடும், சேலை மங்காது. அரசாங்கம் எழுதச் சொன்னதில் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை இருக்கும். கடை முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "சரக்கு வாங்க வர்றவன்கிட்ட சாவைப் பத்திப் பேசாதப்பா" என்பார் அவர்.

இந்தப் பாகுபாட்டில் அடங்காத அரசு வாசகம் ஒன்று உண்டு. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணமும், பக்கத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வரியும். அதில் மிரட்டலே கிடையாது. மக்கள்தொகை பெருகினால் சோறு கிடைக்காது என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. சிரித்த முகத்தோடு ஒரு சின்னக் குடும்பத்தைக் காட்டி, இப்படி வாழலாம் என்றது. கேட்டது மிக அந்தரங்கமான விஷயம், கேட்ட விதமோ அவ்வளவு இதம்.

சிகரெட்டின் நிலைமை வேறு. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. ஆனால் அது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. பத்திரிகையின் பின் அட்டையிலோ, 'மேட் ஃபார் ஈச் அதர்' என்று அழகான ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எது கண்ணில் படும் என்று கேட்கவே வேண்டாம்.

இன்று எல்லாம் இடம் மாறிவிட்டன. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் இரு முகப்பிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் சுத்திகரிப்பான், தரை கழுவும் திரவம், மருத்துவக் காப்பீடு என்று விற்பவர்கள் கிருமியையும் ஆஸ்பத்திரி பில்லையும் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அரசாங்கமோ 'மக்களைத் தேடி மருத்துவம்', 'இன்னுயிர் காப்போம்' என்று கனிவாகப் பேசுகிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்.

எந்தப் பொருளுக்கு எந்தத் தொனி என்பதை யார் பேசுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் அலெக்சாண்டர் ரோத்மனும் பீட்டர் சலோவியும் 1997-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நோய் வராமல் தடுக்கும் செயலை மக்கள் பாதுகாப்பானதாக நினைக்கிறார்கள். அங்கே கிடைக்கப்போகும் நன்மையைச் சொன்னால் எடுபடும். பரிசோதனை அப்படியில்லை. போனால் ஏதாவது கெட்ட செய்தி தெரிந்துவிடுமோ என்று உள்ளூர ஒரு நடுக்கம். போகாமல் இருப்பதே பத்திரம் என்று தோன்றும். 'போகாவிட்டால் இதை இழப்பீர்கள்' என்று சொன்னால்தான் அந்தத் தயக்கம் கலையும்.

இதை 1999-இல் ரோத்மன் குழுவினர் வாய் கொப்பளிக்கும் திரவத்தை வைத்துச் சோதித்தார்கள். சிலரிடம் இது பல்லில் படலம் சேராமல் தடுக்கும் என்றார்கள், சிலரிடம் எங்கே படலம் சேர்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் என்றார்கள். தடுக்கும் திரவத்துக்கு நன்மை சொன்ன துண்டறிக்கையும், காட்டிக்கொடுக்கும் திரவத்துக்கு இழப்பைச் சொன்ன துண்டறிக்கையும் கூடுதலாக எடுபட்டன. வாய் அதே வாய், பல் அதே பல். பொருள் செய்யும் வேலை மாறியதும் வாசகமும் மாற வேண்டியிருந்தது.

சுகாதாரத் துண்டறிக்கைகள் எழுதப் போனபோது இது எனக்குக் கைகொடுத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதைத் தடுக்க எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது, 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுவது. முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு பரிசோதனையும் இருக்கிறது. 30 வயது கடந்த பெண்களுக்கானது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். நம் சமையலறை வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். நோய் ஒன்று, விற்க வேண்டிய பொருள் இரண்டு.

தடுப்பூசிக்கான துண்டறிக்கையில் 'இந்த ஊசி உங்கள் மகளைப் பாதுகாக்கும். நிம்மதியாகப் படிக்கட்டும், வளரட்டும்' என்ற தொனியில் எழுதினோம். அதில் புற்றுநோய்ப் படம் எதற்கும் இடம் தரவில்லை. துள்ளித் திரிகிற பிள்ளையையும் அந்தப் படத்தையும் சேர்த்துப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? பரிசோதனைக்கான அறிக்கையில் இழப்பைத் தலைப்பிலேயே வைத்தோம்: 'வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால், எளிதில் குணமாகும் காலம் கடந்துவிடும்.'

இந்த இரண்டாவது அறிக்கையின் கையெழுத்துப் படியை ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் படித்துக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சார், பயப்பட வச்சிட்டீங்க, சரி. அடுத்து அந்தப் பொம்பளை என்ன கேப்பா தெரியுமா? எங்க வரணும், எத்தனை மணிக்கு, பார்க்கிறது லேடி டாக்டரா, வலிக்குமா, வீட்டுல சொல்லணுமா? அதுக்கெல்லாம் இதுல பதில் இல்லையே" என்றார். அந்த ஐந்து கேள்விக்கும் பதிலைத் தலைப்புக்கு நேர் கீழே, அதே அளவு பெரிய எழுத்தில் போட்டோம். சில நிமிட வேலை, பார்ப்பவர் பெண், வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருள் இல்லை என்பதெல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தன.

அவர் சொன்னதைத்தான் கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-இல் கோட்பாடாக எழுதினார். பயம் பெரிதாகவும், தப்பிக்கும் வழி தெரியாமலும் இருந்தால் மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைத்தான் சமாளிப்பார்கள். அறிக்கையை மடித்து வைப்பார்கள், 'நம்ம வம்சத்துல யாருக்கும் வந்ததில்லை' என்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். ஒரு எச்சரிக்கை வாசகம் தோற்றுப்போனதை இந்த அடையாளங்களை வைத்தே கண்டுகொள்ளலாம். சிகரெட் பெட்டிகளில் 2018 முதல் 1800-11-2356 என்ற உதவி எண்ணை அச்சிடுகிறார்களே, அதை அந்தப் படத்தைவிட முக்கியமானதாக நினைக்கிறேன். புண்ணைப் பார்த்து மிரண்டவனுக்கு அந்த எண் ஒரு வழி காட்டுகிறது.

தடுப்புக்கு நன்மை, பரிசோதனைக்கு இழப்பு என்ற விதியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஓகீஃபும் ஜென்சனும், தொனியால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது என்று கண்டார்கள். தடுப்பு விஷயத்தில் நன்மைத் தொனியின் ஆதாயம் பல் பராமரிப்பில்தான் தெரிந்தது. பரிசோதனை விஷயத்தில் இழப்புத் தொனியின் ஆதாயம் மார்பகப் புற்றுநோயில்தான் தெரிந்தது. ஆகவே தலைப்பை நன்றாக எழுதிவிட்டோம், கூட்டம் வரும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. காலையிலேயே வயலுக்குப் போகிற பெண்களை மதியம் முகாமுக்குக் கூப்பிட்டால் எந்தத் தொனியும் உதவாது.

அரிசிக்கும் எண்ணெய்க்கும் சேலைக்கும் அண்ணாச்சி சொன்னது இன்றும் சரி. அவற்றை வாங்காவிட்டால் யாருக்கும் உயிர் போகாது. அங்கே பயத்தைக் கொண்டுவருவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். பரிசோதனை முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இழப்பைத் தயங்காமல் எழுதுங்கள். இடம், நாள், நேரம், பார்ப்பவர் ஆணா பெண்ணா என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஊர் செவிலியரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.