ஃபேனின் அழகான பக்கம்

கேள்வி: நானே பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த கணினிக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. கேம் தொடங்கி இருபது நிமிடத்தில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. அப்புறம் பட்டென்று அணைந்துவிடுகிறது. Event Viewer-ஐத் திறந்தால் Kernel-Power 41 என்று இருக்கிறது. பவர் சப்ளையை மாற்றிவிடவா? முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என்று ஆறு ஆர்ஜிபி ஃபேன் போட்டிருக்கிறேன், அதனால் காற்றுக்குக் குறைவில்லை. (விருதுநகர் வாசகர்)

பதில்: பவர் சப்ளைக்கு இப்போதே காசை எடுக்காதீர்கள். Kernel-Power 41 என்பது கணினி முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் நின்றது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதியதில் உருப்படியான துப்பு அந்தத் திக்கல்தான். சூடு எல்லையைத் தொட்டதும் புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் முதலில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் அணையும். எந்தத் திக்கலும் இல்லாமல், சூடு 60 டிகிரியில் இருக்கும்போதே அணைந்திருந்தால் பவர் சப்ளை, ராம் என்று வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

HWiNFO-வை நிறுவி, சென்சார் பக்கத்தில் லாக்கிங்கை ஓடவிட்டு, கேம் ஆடச் சொல்லி விருதுநகர் வாசகருக்கு எழுதினேன். கணினி அணைந்தாலும் அதுவரை பதிவானது கோப்பில் இருக்கும். கடைசி வரி வந்தது: அறை 34 டிகிரி, புராசஸர் 95, கிராஃபிக்ஸ் கார்டு 87. அடுத்து, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து அதே கேமை அதே அளவு நேரம் ஆடச் சொன்னேன். கார்டு 75-இல் நின்றது, புராசஸர் 84-இல் நின்றது, கணினியும் அணையவில்லை. கண்ணாடியைத் திறந்ததும் பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட்டின் காற்றோட்டம். ஓரிரு டிகிரிதான் இறங்கியது என்றால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா, பேஸ்ட் ஒழுங்காகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறு ஃபேன் இருந்தும் காற்று எங்கே போனது? அவர் அனுப்பிய படத்தில் விடை இருந்தது. ஃபேனுக்கு இரண்டு முகம். ஒன்றில் இறக்கைகள் மறைப்பில்லாமல் தெரியும். மற்றதில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும். சாதாரண ஃபேன் திறந்த முகத்தால் காற்றை இழுத்து, கம்பி இருக்கும் முகத்தால் தள்ளும். விளக்கு அழகாகத் தெரிவது திறந்த முகத்தில்தான். அது பக்கவாட்டுக் கண்ணாடி வழியே தெரியட்டும் என்று முன்னால் உள்ள மூன்றையும் உள்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறார். அதனால் அந்த மூன்றும் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. பின்னாலும் மேலேயும் உள்ளவை எப்படியும் வெளியே தள்ளுபவைதான். ஆக ஆறும் வெளியேற்றுகின்றன, உள்ளே இழுக்க ஒன்றுகூட இல்லை. வாசற்கதவும் கொல்லைக்கதவும் திறந்திருக்கும் வீட்டில் காற்று எப்படி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறதோ, அப்படி முன்னிருந்து பின்னுக்கு ஒரு வழி இங்கே வேண்டும்.

இன்னொரு சாட்சியும் அந்தப் படத்திலேயே கிடைத்தது. முன்பக்க டஸ்ட் ஃபில்டரின் வெளிமுகம் புதிதுபோல் சுத்தமாக இருக்கிறது. உள்முகத்தில்தான் தூசு பஞ்சுபோல் படிந்திருக்கிறது. பின்பக்க ஸ்லாட் இடுக்குகளில் கறுப்புக் கோடு. ஃபில்டர் இல்லாத சந்து பொந்துகள் வழியாக நுழைந்த தூசு, போகிற வழியில் ஃபில்டரின் உள்பக்கம் அப்பிக்கொண்டது. வேறு சோதனையே வேண்டாம், அந்த வலை சொல்லிவிட்டது.

முன்னால் உள்ள மூன்றையும் திருப்பி மாட்டினார். மேலே உள்ள இரண்டில் முன்பக்கம் இருப்பதைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வந்த குளிர்ந்த காற்று புராசஸர் கூலரை அடையும் முன்பே அது மேலே உறிஞ்சிக் கொட்டிவிடும். இப்போது கண்ணாடி மூடியபடி கார்டு 76, புராசஸர் 83. கணினி அணைவதில்லை. விளக்கழகு போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம் இருக்கிறது. அதற்காகவே இறக்கையை எதிர்வாட்டத்தில் அமைத்த ரிவர்ஸ் ஃபேன்கள் கிடைக்கின்றன. அவற்றில் அழகான முகம் உள்ளே பார்க்கும், காற்றும் உள்ளேதான் வரும்.

கேள்வி: ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இல்லை, ரிவர்ஸ் ஃபேனா என்றும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கணினியை ஓடவிட்டு, ஒரு டிஷ்யூ துண்டை வெளியிலிருந்து வலைக்கு அருகே பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, படபடத்து விலகினால் தள்ளுகிறது. புராசஸர் கூலரின் ஃபேனையும் இதே கண்ணோடு பாருங்கள்: அது பின்பக்க ஃபேனை நோக்கித் தள்ள வேண்டும். இரண்டும் எதிரெதிராக நின்றால் வெப்பம் நடுவிலேயே சுழலும்.

கேள்வி: கேபிள்களை அழகாக மடக்கிக் கட்டினால் எத்தனை டிகிரி குறையும்? (ஈரோடு வாசகர்)

பதில்: பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று கேபிள் குறுக்கே தொங்கினாலும் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கேபிள் வினையாவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, பயன்படாத கேபிள்களையெல்லாம் சுருட்டி, பவர் சப்ளை மறைப்புக்கும் முன்பக்கக் கீழ் ஃபேனுக்கும் நடுவில் திணிப்பது. அந்த ஃபேன் ஒரு பந்தின் மேல் ஊதிக்கொண்டிருக்கும், கார்டுக்குப் போக வேண்டிய காற்று அங்கேயே முட்டி நிற்கும். மாடுலர் பவர் சப்ளை என்றால் வேண்டாத கேபிளைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். இல்லையென்றால் மதர்போர்டுக்குப் பின்னால் கட்டுங்கள்.

இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. மதர்போர்டின் கீழ் ஓரத்தில் போகும் ஆடியோ கேபிள் தளர்ந்து எழும்பி, கார்டின் ஃபேன் இறக்கையைத் தொடும். கேம் தொடங்காதபோது கார்டின் ஃபேன் பெரும்பாலும் நின்றிருக்கும், அதனால் சத்தமே வராது. சூடேறி அது சுற்றப் பார்க்கும்போதுதான் 'டிக் டிக்' என்று கேட்கும், அல்லது சுற்றாமலே நின்றுவிடும். டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: டஸ்ட் ஃபில்டர்தானே காற்றைத் தடுக்கிறது? கழற்றி எறிந்துவிட்டால்? (கரூர் வாசகர்)

பதில்: கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஃபில்டர் இல்லாமல் ஒருமுறை கேம் ஆடிப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் திரும்ப மாட்டுங்கள், அந்த விலை கட்டுப்படியாகும். அதற்கு மேல் இறங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. குழாயடியில் உள்முகத்தை மேலே வைத்து நீர் விட்டால் தூசு வந்த வழியே வெளியேறும். நிழலில் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். சாலையோர வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பவர் சப்ளையின் அடியில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புளோயர் வைத்து உள்ளே ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

கேள்வி: கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிட்டால் என்ன? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஓரிரு நாள் சோதனைக்குச் சரி. அதற்கு மேல் போனால் ஃபில்டருக்கே வேலையில்லை, தூசு நேராகக் கார்டின் மேல் இறங்கும். கண்ணாடியைத் திறந்தால்தான் கணினி ஓடுகிறது என்றால், முன்னால் உள்ள ஃபேன்களில் எத்தனை உண்மையில் உள்ளே இழுக்கின்றன என்று டிஷ்யூவை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.