டிக் மாகாத்மியம்

ஏரலிலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடியில் ஓர் ஆலைக்குப் பராமரிப்புப் பயிற்சிக்காகப் போய்வரும் எங்கள் தெருப் பையன் ஒருவன், அங்குள்ள மோட்டார்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பக்திப் பரவசம் அடைந்ததாகச் சொன்னான். தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றின் காப்புத்தடை, சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும், மெக்கர் வைத்துப் பார்த்ததாக மாதந்தோறும் 50 மெகா ஓம் என்றே அதில் எழுதப்பட்டிருந்ததாம். சுருள் 10 டிகிரி சூடேறினால் அந்த எண் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும், கடற்காற்றின் ஈரமும் உப்பும் படிந்தால் இன்னும் சரியும் என்பதும் உலகத்து மோட்டார்களுக்கு உரிய விதிகள். பதிவேட்டில் வாசம் செய்யும் மோட்டாரோ விகாரமற்ற பரம்பொருள்.

'பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தாயிற்று' என்ற கட்டத்திலும் டிக் தவறவில்லை. பையன் சும்மா இராமல் கிரீஸ் நிப்பிளைத் தேடிப் போனான். சென்ற ஆயுத பூஜைக்கு அடித்த பச்சைப் பெயிண்ட், அதன் நுனியிலுள்ள சிறு குண்டையும் மூடி, ஒரு கீறலுமின்றிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, பெயிண்ட் உடையாம கிரீஸ் எப்படி உள்ள போச்சு?"

"ஏலே, ஆடிட்டுக்கு வாறவன் நிப்பிளையா பாப்பான்? பேப்பரைத்தான பாப்பான்!"

கார்த்திகையில் ஒரு வாரம் கீச்சிட்டுவிட்டு அந்த பேரிங் இறுகி, மோட்டார் நின்றது. அன்றைய பக்கத்தில், 'சத்தம்: இயல்பு' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது.