ஊறுகாய்க்கு ஒன்பது வரி, ஒப்பந்தத்துக்கு அரை வரி

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி,
பஸ் ஸ்டாண்ட் எதிரில், மாடி.

ஐயா,

என் தங்கை மகன் கொத்தனார் வேலைக்குச் சவுதி போகிறான். தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனி. அடுத்த வாரம் விமானம். "பயணிகள் எடுத்துச் செல்ல வேண்டியவை" என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாளை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படித்தோம். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு அக்கறை வராது என்று என் தங்கை கண் கலங்கினாள்.

ஊறுகாய்க்கு மட்டும் ஒன்பது வரி எழுதியிருக்கிறீர்கள். எலுமிச்சை நல்லது, மாவடு கசியும். கண்ணாடி ஜாடி கூடாது, பிளாஸ்டிக் டப்பாதான். மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் இரண்டு பாலித்தீன் உறை, அதையும் லுங்கிக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் 30 கிலோவைத் தாண்டாமல் இருக்க வீட்டுத் தராசில் எப்படி எடை பார்ப்பது என்றுகூடச் சொல்லியிருக்கிறீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும் என்ற குறிப்பும் சரியானது. உங்கள் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன்.

மசாலா வரிசையில் கசகசாவைச் சேர்த்ததைத்தான் எடுத்துவிட்டேன். நம்மூரில் அது குருமாவுக்குப் போடுவது. சவுதியிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் கணக்கில் தடை. நூறு கிராமுக்காகப் பையன் சுங்கத்தில் நிற்க வேண்டாம் என்று பார்த்தேன். 'நம்ம ஆள் ஒருவருக்கு ஒரு சின்ன மாத்திரை பார்சல்' என்று பேனாவால் எழுதிச் சேர்த்திருந்ததையும் அடித்துவிட்டேன். அவனவன் மாத்திரைக்கே டாக்டர் சீட்டும் பிரிக்காத அட்டையும் வேண்டும். இன்னொருவர் மாத்திரைக்கு இவன் பெயரில் சீட்டு எங்கே கிடைக்கும்? மன்னிக்கவும்.

இவ்வளவும் படித்து முடித்துக் கடைசி வரிக்கு வந்தேன். "ஒப்பந்தம் முதலிய பேப்பர்கள்: ஏர்போர்ட்டில்." அரை வரி. வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், சாப்பாடு யார் பொறுப்பு, திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பது எல்லாம் அந்த அரை வரிக்குள் அடங்கிவிட்டது. நேரில் வந்து கேட்டேன். கவுன்டரில் இருந்த தம்பி, "அதெல்லாம் ஃப்ளைட் ஏறும்போது கவர்ல தருவோம் அண்ணே, இப்பவே கொடுத்தா தொலைச்சிருவாங்க" என்றார். அலமாரியில் பழுப்புக் கவர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் நான்கு ஸ்டேப்ளர் முள். என் மருமகன் கவரும் அதில் இருந்தது. பெயரைப் படித்தேன், உள்ளே இருப்பதைப் படிக்க முடியவில்லை. ஊறுகாய் டப்பாவைவிடப் பத்திரமாகக் கட்டியிருந்தீர்கள்.

தொலைந்துவிடும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. போன வருடம் உங்கள் மூலம் போன எங்கள் தெருப் பையனுக்கு அப்படித்தான் தொலைந்தது. விமான நிலையத்தில் கவரைக் கொடுத்தீர்கள்; அதைத் தம்மாமில் கூட்டிப்போக வந்தவர் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அந்த ஊர்ச் சட்டத்திலேயே கூடாது என்று பையனுக்கு யார் சொல்வது? மூன்றாம் நாள் புதுத் தாள் ஒன்றை நீட்டினார்கள். உங்கள் மாடியில் அவன் கையெழுத்துப் போட்டது மாதம் 1,400 ரியால் சம்பளம், சாப்பாட்டுக்கு 300. புதுத் தாளில் எல்லாம் சேர்த்து 1,000. அரபியும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் அரபிதான் செல்லும் என்பது சவுதித் தொழிலாளர் சட்டம். பையன் இரண்டையுமே படிக்கத் தெரியாதவன். போட்டுவிட்டான்.

மாதம் 700 ரியால் குறைவு. இரண்டு வருடத்துக்கு 16,800. ரியாலுக்கு 22 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மூன்றரை லட்சத்துக்கு மேல். அவன் அப்பா மதத் போர்ட்டலில் புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்டதே பழைய ஒப்பந்தத்தின் நகலைத்தான். உங்களிடம் வந்தார். "எங்க கிட்ட காப்பி இல்லையே" என்றீர்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். பத்தாம் வகுப்பு தேறாததால் அவன் பாஸ்போர்ட்டும் என் மருமகன் பாஸ்போர்ட்டும் ஈசிஆர் வகை. சவுதி உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். ஏஜென்சி மூலம் போகிறவனுக்கு அந்த விண்ணப்பத்தை இ-மைக்ரேட்டில் ஏற்றுவது நீங்கள்தான். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அது நகராது. ஆக, அரசாங்கத்துக்கு ஏற்றும்போது உங்களிடம் இருந்த காப்பி, அப்பா வந்து கேட்டபோது மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. அல்லது ஏற்றியது ஒன்று, காட்டியது ஒன்று. நல்ல மனதோடு முதல் காரணத்தையே நம்புகிறேன்.

ஆகவே உங்கள் தாளின் அடுத்த பதிப்புக்கு ஒரு யோசனை. ஊறுகாயை ஐந்து வரியில் முடித்துக்கொண்டு மிச்சத்தில் இப்படிப் போடலாம். ஒப்பந்தத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுக்கவும். விசாத் தாளில் உள்ள முதலாளி பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றா, தொழில் ஒன்றா என்று யாரையாவது படிக்கச் சொல்லவும். ஒப்பந்தத்தில் கொத்தனார் என்றும் விசாவில் வெறும் கூலியாள் என்றும் இருந்தால், அங்கே கூலியாள் சம்பளம்தான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஒரிஜினல் கைப்பையில். விமானத்தில் போடும் பெட்டியில் வேண்டாம், பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் போகும். ஒரு நகல் வீட்டில். ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்துக்கும் விசாவுக்கும் இதே முறை.

இன்ஷூரன்ஸ் தாள் மட்டும் வேறு விதம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து லட்சம். அந்தப் பாலிசியை அவன் பெட்டியில் வைத்துத் தம்மாமுக்கு அனுப்பினால் அதைத் தேடி எடுக்க வேண்டியவள் இங்கே என் தங்கை. அது பீரோவில் இருக்கட்டும்.

இப்போது சவுதியில் ஒப்பந்தங்கள் கிவா என்ற அரசுத் தளத்தில் ஏறுகின்றன; தொழிலாளி தன் கணக்கில் பார்த்துச் சம்மதம் கொடுக்க வேண்டும். போனில் வரும் ஓடிபியை கேம்ப் மேஸ்திரியிடம் சொல்லிவிடாமல், வீட்டில் உள்ள நகலோடு ஒப்பிட்டுவிட்டுச் சம்மதிக்கலாம். நகல் இருந்தால்.

கடைசியாகக் காசு. ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, ஆக 35,400. நீங்கள் வாங்கியது 1,10,000. ரசீது கேட்டதற்கு உங்கள் விசிட்டிங் கார்டின் பின்புறம் "வரவு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் தொகையும் இல்லை, உங்கள் லைசென்ஸ் எண்ணும் இல்லை. முழு ரசீது ஒன்று போட்டு வையுங்கள். மருமகன் கைப்பையில் அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். கீழே ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டேப்ளர் முள்ளையும் நானே கழற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பையனின் தாய்மாமன்