ஒரே பீக்கர், இரண்டு திருப்பம்

கேள்வி: லேபில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலைக் கொடுத்து, கடத்துதிறன் டைட்ரேஷன் செய்யச் சொன்னார்கள். கிராப் இரண்டு இடங்களில் திரும்புகிறது. எந்த அமிலத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்று சோடியம் ஹைட்ராக்சைடுக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஹைட்ராக்சைடு அயனி தேடுவது ஹைட்ரஜன் அயனியைத்தான். அது எந்த அமிலத்திலிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை. வித்தியாசம் அமிலங்கள் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் தண்ணீரில் விழுந்ததுமே பர்ஸைக் கவிழ்த்துக் கொட்டிவிடும் ஆசாமி. அசிட்டிக், கேட்கக் கேட்க ஒவ்வொரு காசாக எடுப்பவர். அதுவும் மேஜையில் ஏற்கெனவே காசு குவிந்து கிடந்தால் பர்ஸையே திறக்க மாட்டார். ஹைட்ரோகுளோரிக் 0.02 மோலார் இருக்கும் கரைசலில், அசிட்டிக் மூலக்கூறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடப் பிரிந்திருக்காது. பொது அயனி விளைவு என்று பாடத்தில் படித்தது இதுதான். அதனால் முதலில் தீர்வது ஹைட்ரோகுளோரிக்கின் கணக்கு. அது தீர்ந்த பிறகுதான் அசிட்டிக் உண்மையாகக் கொடுக்க ஆரம்பிக்கிறது.

கேள்வி: சரி, மீட்டர் முதலில் இறங்கி, பிறகு மெல்ல ஏறி, கடைசியில் கிடுகிடுவென்று ஏறுவது ஏன்?

பதில்: தண்ணீரில் மின்சாரத்தைச் சுமப்பதில் ஹைட்ரஜன் அயனியை மிஞ்ச ஆளில்லை. 25 டிகிரியில் அதன் அயனிக் கடத்துதிறன் சுமார் 350 என்றால் ஹைட்ராக்சைடு 199, சோடியம் 50, அசிட்டேட் 41. இந்த நாலு எண்களில் முழுக் கதையும் இருக்கிறது.

50 மி.லி. கலவை எடுத்துக்கொள்வோம். அதில் ஹைட்ரோகுளோரிக் 0.02 மோலார், அசிட்டிக் 0.03 மோலார். ப்யூரெட்டில் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. தொடக்கத்தில் மீட்டர் ஏறத்தாழ 8.5 மில்லிசீமென்ஸ் காட்டும். நாம் விடும் ஒவ்வொரு துளியும் 350-ஐ வெளியேற்றி 50-ஐ உட்கார வைக்கிறது. கோடு செங்குத்தாகச் சரிகிறது. 5 மி.லி.யில் மீட்டர் 2.5 அருகே வந்து நிற்கும். இது முதல் திருப்பம்.

இனி அசிட்டிக்கின் முறை. அது பெரும்பாலும் பிரியாத மூலக்கூறாக இருந்ததால் மின்சாரத்துக்குப் பெரிதாக உதவவில்லை. அது நடுநிலையாகும்போது சோடியம், அசிட்டேட் என்ற இரண்டு மிதமான சுமைதூக்கிகள் புதிதாக வருகின்றன. அதனால் கோடு மெல்ல ஏறி, 12.5 மி.லி.யில் 4.2-ஐ எட்டுகிறது. அதற்கு மேல் விடுவதெல்லாம் தடுக்க ஆளில்லாத ஹைட்ராக்சைடு, கோடு நிமிர்ந்துவிடுகிறது.

முதல் 5 மி.லி. ஹைட்ரோகுளோரிக்குக்கு, அடுத்த 7.5 மி.லி. அசிட்டிக்குக்கு. பலரும் 12.5-ஐ அப்படியே அசிட்டிக்கின் கணக்கில் எழுதி மார்க்கை இழக்கிறார்கள். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? மெத்தில் ஆரஞ்சு போட்டு முதல் முடிவைப் பார்த்துவிடலாமே!

பதில்: பார்க்க முடியாது. முதல் முடிவில் pH சுமார் 3.2. மெத்தில் ஆரஞ்சு 3.1-லிருந்து 4.4 வரை நிதானமாக நிறம் மாறும். முழு மஞ்சள் வருவதற்குள் அசிட்டிக்கில் கிட்டத்தட்ட 30 சதவீதம் தீர்ந்திருக்கும். மேலே சொன்ன கணக்கில், நீங்கள் 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 7-ஐத் தாண்டி எழுதுவீர்கள். ஃபீனால்ஃப்தலீன் நம்பகமானது, ஆனால் அது சொல்வது இரண்டும் சேர்ந்த 12.5-ஐ மட்டும்தான். அங்கே pH 8.6 அருகில் இருக்கும்.

கேள்வி: என் கிராப்பில் முதல் திருப்பம் கூர்மையாக இல்லை, வட்டமாக இருக்கிறது. தவறு செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. முதல் முடிவை நெருங்கும்போது அடக்கும் ஹைட்ரஜன் அயனிகள் குறைவதால் அசிட்டிக் கொஞ்சம் பிரிய ஆரம்பிக்கிறது. அந்த இடத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று மூலக்கூறுகள். வளைவு அதன் கைவேலை. அங்கே உள்ள புள்ளிகளை விட்டுவிட்டு, இரு பக்கமும் தள்ளியிருக்கும் புள்ளிகள் வழியே நேர்க்கோடு போட்டு, அவை வெட்டும் இடத்தைப் படியுங்கள். கலவையைவிடப் பல மடங்கு அடர்த்தியான காரத்தை ப்யூரெட்டில் வைப்பதும் நேர்க்கோட்டுக்காகத்தான். நீர்த்த காரம் பீக்கரின் கொள்ளளவை ஏற்றிக் கோட்டையே வளைத்துவிடும்.

ஆனால் இரண்டாவது திருப்பம் மழுங்கினால் காரத்தைச் சந்தேகியுங்கள். திறந்து வைத்த சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து, ஓரளவு கார்பனேட்டாக ஆகியிருக்கலாம்.

கேள்வி: அசிட்டிக்குக்குப் பதில் குளோரோஅசிட்டிக் இருந்தால்?

பதில்: அது அசிட்டிக்கைவிட எண்பது மடங்கு வலிமையானது. இதே அளவில் எடுத்தால், முதல் முடிவு வரும்போதே அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிந்திருக்கும். வட்டம் அகன்று, முதல் திருப்பத்தை எங்கே குறிப்பது என்றே தெரியாது. ஹைட்ரோகுளோரிக்கோடு நைட்ரிக்கைச் சேர்த்தால் இன்னும் மோசம்: இரண்டுமே பர்ஸைக் கொட்டுபவை. ஒரே ஒரு திருப்பம்தான் வரும், எது எவ்வளவு என்று எந்த மீட்டரும் பிரித்துச் சொல்லாது.