நன்றி சொன்னார்கள், பரவாயில்லை என்றேன்

வேலை லியோனில் கிடைத்தது. நேர்காணல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. முதல் நாள் விவரங்களை எந்த மொழியில் அனுப்பட்டும் என்று மனிதவளப் பிரிவு அம்மையார் கேட்டபோது, "பிரெஞ்சிலேயே அனுப்புங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பி1 தேர்வில் தேறி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. சான்றிதழுக்கு அம்மா ஃபிரேம் போட்டிருந்தாள். அந்தத் திமிர்.

2019 ஜூலை 26, வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. செப்டம்பர் 2, திங்கள் அன்று சேர வேண்டும். மெட்ரோ பி வழித்தடத்தில் தெபூர் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அலுவலகம். காலை ஒன்பதரைக்கு ‘அக்கேய்’ என்னுமிடத்தில் ஏதோ செய்ய வேண்டும். மதியம் குழுவோடு சாப்பாடு. அதற்குக் கீழே சில காகிதங்களின் பட்டியல்: பாஸ்போர்ட், விசா, பட்டச் சான்றிதழ், முகவரிச் சான்று, ரிப். கடைசியில் ஆகஸ்ட் 23 என்று ஒரு தேதி.

காகிதப் பட்டியல் ‘மெர்சி’ என்று தொடங்கியது. மெர்சி என்றால் நன்றி என்று புதுச்சேரிக்கு ஒருமுறை போய் வந்தவருக்கும் தெரியும். ‘மெர்சி த நூ ஃபேர் பார்வெனீர்’ என்று போட்டு, பிறகு பட்டியல். எங்களுக்கு அனுப்பியதற்கு நன்றி என்று படித்துக்கொண்டேன். விசாவுக்காக எத்தனையோ காகிதம் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். அவற்றைத்தான் சொல்கிறார்கள், என்ன பண்பாடு, பெற்றுக்கொண்டதற்கெல்லாம் நன்றி சொல்கிறார்களே என்று உருகிப்போனேன். நன்றி சொன்னவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டி ‘ஜெ வூஸான் ப்ரி’ என்று எழுதினேன். அட, இதற்கெல்லாம் நன்றி எதற்கு, பரவாயில்லை என்று அர்த்தம். அதன் கீழே, ‘அம்மையீர், எனது சிறப்பான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்’ என்கிற பாணியில் பிரெஞ்சுக்காரர்கள் கோர்ட்டு, கச்சேரிக்கு எழுதும் முடிப்பு வாசகம் முழுவதையும் சேர்த்தேன். ஒரு காகிதத்தையும் இணைக்கவில்லை.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு அலுவலகக் கடிதத்தில் ‘மெர்சி த’ என்பதை அடுத்து வெறும் வினைச்சொல் வந்தால் அது நன்றி இல்லை, உத்தரவு. அனுப்பிவைக்கவும், அவ்வளவுதான். செய்து முடித்த காரியத்துக்கு நன்றி என்றால் வினைச்சொல்லுக்கு முன்னால் ‘அவ்வார்’ அல்லது ‘எத்ர்’ என்கிற துணைவினை ஒன்று நிற்க வேண்டும். அந்த ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் நான் வேலை செய்ய வேண்டியவனா, செய்து முடித்தவனா என்பது இருக்கிறது. இலக்கணத் தேர்வில் இந்தத் துணைவினைக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

அந்த அம்மையார் உடனே திருத்தியிருப்பார். ஆனால் நான் பதில் அனுப்பிய மறுநிமிடமே தானியங்கிப் பதில் வந்தது: ஆகஸ்ட் 26 வரை விடுப்பு. ஆகஸ்டில் பிரான்சில் ஊரடங்கு மாதிரி. பேக்கரிகூட ஷட்டரில் காகிதம் ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். கிளம்புவதற்கு முன் கடைசி வேலையாக எனக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் ‘பரவாயில்லை’ ஒரு மாதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. நானும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஆகஸ்ட் 24 அன்று லியோனில் இறங்கி, கல்லூரி சீனியர் ஒருவரின் அறையில் ஒண்டிக்கொண்டேன். 26 காலை அம்மையாரிடமிருந்து இரண்டு வரி. ‘என் பக்கம் தவறில்லை என்றால், உங்கள் காகிதங்கள் எதுவும் எனக்கு வரவில்லை.’ சீனியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது உன்னைத் திட்டுறதுடா" என்றார். தவறு தன்னுடையதாக இருக்கலாம் என்று ஆரம்பித்தால், தவறு உன்னுடையதேதான் என்று பொருளாம். எங்கள் ஊரில் பெரியவர்கள் "நான் ஒண்ணும் சொல்லல்லப்பா" என்று ஆரம்பிப்பார்களே, அந்த வகை.

பாஸ்போர்ட்டையும் பட்டத்தையும் அன்றைக்கே அனுப்பினேன். முகவரிச் சான்று இல்லை, ரிப்பும் இல்லை. அது என்னவென்றே அதுவரை நான் பார்க்கவில்லை; ஆங்கிலத்தில் விலா எலும்பு, எக்ஸ்ரே கேட்கிறார்கள்போல என்று தாண்டிப் போயிருந்தேன். அது வங்கிக் கணக்கு அடையாளச் சீட்டு. பெயர், வங்கி, எஃப்.ஆர். என்று தொடங்கும் இருபத்தேழு எழுத்து-எண் கொண்ட கணக்கு எண், எல்லாம் ஒரே தாளில் இருக்கும். சம்பளம் போடுவதிலிருந்து செல்போன் பில் பிடிப்பது வரைக்கும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். கணக்கு இருந்தால்தான் ரிப். கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும். என் பெயரில் வாடகை ஒப்பந்தமும் இல்லை, மின்கட்டண ரசீதும் இல்லை. சீனியர் தன் கைப்பட ‘இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டை நகலையும் மூன்று மாதத்துக்குள் வந்த தன் மின்கட்டண ரசீதையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றும் சேர்ந்தால்தான் நான் எங்கோ குடியிருக்கிறேன் என்று வங்கி நம்பும். எடுத்துக்கொண்டு போனால், ரான்தேவூ இருக்கிறதா என்றார்கள். கிடைத்த முதல் ரான்தேவூ பன்னிரண்டு நாள் கழித்து. ஜூலையிலேயே "எனக்குக் கணக்கு இல்லை, என்ன செய்ய?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் இவ்வளவு ஓட்டமும் வேண்டியிருக்காது. நான்தான் பரவாயில்லை என்று எழுதிவிட்டேனே.

இனி அந்த ஒன்பதரை மணி விஷயம். ‘மெர்சி த வூ ப்ரேஸான்தே ஆ லக்கேய்.’ இப்போது மெர்சி உத்தரவு என்று தெளிந்திருந்தேன். ‘ஸ ப்ரேஸான்தே’ என்றால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. பிரெஞ்சு வகுப்பின் முதல் பாடமே அதுதான். அக்கேய் என்றால் வரவேற்பு. வரவேற்பு என்றால் நமக்குத் தெரியாதா, மேடை, மாலை, பன்னீர். ஆக, காலை ஒன்பதரைக்கு வரவேற்பு வைத்திருக்கிறார்கள், அதில் நான் என்னை அறிமுகப்படுத்திப் பேச வேண்டும். ஏ4 தாளில் ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். நான்கு நிமிடம் வந்தது. பாளையங்கோட்டை, தாமிரபரணி, தபால்துறையில் ஓய்வுபெற்ற அப்பா, அல்வா எல்லாம் இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததில் சீனியருக்கு இரண்டு நாள் வேலைக்குத் தாமதம்.

அந்த வினைச்சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு: நேரில் வந்து ஆஜராகு. அக்கேய் என்பது வரவேற்பு மேசை. மேசைக்குப் போய் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியது, அவ்வளவே.

திங்கள்கிழமை எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். முதல் நாள் அல்லவா. ஒன்பதரை என்று அவர்கள் போட்டதற்குக் காரணம் உண்டு. அதற்குள் அடையாள அட்டையும் மடிக்கணினியும் தயாராக வேண்டும், அழைத்துப்போக வேண்டியவர் வந்து சேர வேண்டும். சீக்கிரம் வருகிறவன் எல்லோருக்கும் தொந்தரவுதான் என்பது எனக்குத் தெரியாது. மேசையில் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மா இருந்தார். பக்கத்தில் காபி இயந்திரத்தைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். வேறு ஆள் இல்லை. விழா தொடங்கவில்லை என்றாலும் உத்தரவு உத்தரவுதானே. "போன்ஜூர். நான் இளங்கோ" என்று ஆரம்பித்துவிட்டேன். தாமிரபரணிக்கு வந்தபோது காபிக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அந்த அம்மா இடைமறிக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. முடிந்ததும் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு, "இளங்கோ என்று யாரும் என் பட்டியலில் இல்லை, ஐயா" என்றார்.

காரணம் மெயிலின் முதல் வரியிலேயே இருந்தது. ‘போன்ஜூர் மொஸ்யூ SUBBIAH’. பிரெஞ்சுக் காகிதத்தில் ‘நோம்’ என்பது குடும்பப் பெயர். அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ‘ப்ரேநோம்’ என்பது சொந்தப் பெயர். எனக்குக் குடும்பப் பெயர் ஏது? எஸ். இளங்கோ. பாஸ்போர்ட்டுக்காக அந்த எஸ்ஸை விரித்தபோது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. மெயிலைப் படித்தபோது, அப்பாவைக் கேட்டு எழுதியிருக்கிறார்களே என்று சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனவன், இதைத் திருத்த வேண்டும், குறைந்தபட்சம் நினைவில் வைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. நான்கு நிமிட உரையில் ‘என் அப்பா’ என்று மூன்று முறை சொன்னேன். ஒரு தடவை பெயரைச் சொல்லியிருந்தால் பட்டியலில் கிடைத்திருப்பேன்.

"உட்காருங்கள், யாராவது வருவார்கள்" என்றார். உட்கார்ந்தேன். ஒன்பதரைக்குச் சரியாக மனிதவள அம்மையார் வந்து, "மொஸ்யூ சுபியா?" என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். காபிக்காரரும் திரும்பிப் பார்த்தார். "மொஸ்யூ சுபியா?" இரண்டாம் முறையும் அசையவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அம்மா ஒருமுறைகூட உச்சரித்ததில்லை, ரேஷன் கடையில் கேட்டாலும் அட்டையைத்தான் நீட்டுவாள். கடைசியில் காபிக்காரர்தான் என்னைக் காட்டி, "ஆற்றங்கரையில் பிறந்தவர் இவர்தான்" என்றார்.

பேருந்துச் சீட்டு விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். பயணச் செலவில் பாதியை நிறுவனம் தரும் என்று மெயிலில் இருந்தது. மாதச் சீட்டு, வருடச் சீட்டுக்கு மட்டும்தான் அது. நான் மூன்று வாரம் ஒற்றைச் சீட்டாக வாங்கி, தேதிவாரியாக வெள்ளைத் தாளில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தாள் ரொம்ப நாள் அவர்கள் தகவல் பலகையில் இருந்தது.

மாதக் கடைசி வந்தது. கணக்குத் திறந்து நான் ரிப் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் அந்த மாதச் சம்பளப் பட்டியலை முடித்துவிட்டார்கள். ஆகவே முதல் சம்பளம் காசோலையாக வந்தது, மொய்க்கவர் மாதிரி ஓர் உறையில். குறுக்குக்கோடு போட்ட காசோலை. கணக்கில்தான் போட முடியும். ஒரு வருடம் எட்டு நாள் செல்லும் என்றார் அம்மையார், என்னைப் பற்றி அதற்குள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததால்.

அன்றிரவு வாட்ஸப்பில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பெறுநர் இடத்தில் அழகான கையெழுத்தில் ‘M. SUBBIAH’. இளங்கோ என்பதற்கு இடமே இல்லை. ஐந்து நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஏலே, செக்கு என் பேருலல்லா வந்திருக்கு?"

"ஆமாப்பா."

"அப்போ இங்க அனுப்பிரு. நம்ம போஸ்ட் ஆபீஸ்ல போட்டுருவோம்."