சார்ட்டில் ஏகமனதான ஆதரவு திரட்டுவது எப்படி?

கையிலிருக்கும் பங்கை விற்க மனசு துடிக்கிறது, ஆனால் துணிச்சல் வரவில்லையா? கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

1. 14 நாள் ஆர்.எஸ்.ஐ. போடுங்கள். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட இந்த அளவுகோல், சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தோடு ஒப்பிடும். 70-ஐத் தாண்டினால் ‘ஓவர்பாட்’.

2. ஒரு சாட்சி போதாது. கீழே ஸ்டொகாஸ்டிக், அதற்கும் கீழே வில்லியம்ஸ் %R, இரண்டுக்கும் அதே 14 நாள். உச்சம் 520 ரூபாய், தாழ்வு 480, இன்றைய முடிவு 516 என்று வையுங்கள். ஸ்டொகாஸ்டிக்கின் %K தாழ்விலிருந்து மேலே அளக்கும்: 40 ரூபாய் வீச்சில் 36, அதாவது 90. வில்லியம்ஸ் உச்சத்திலிருந்து கீழே அளக்கும்: 40-இல் 4, அதாவது -10. 90-இல் 100-ஐக் கழித்தாலும் அதே -10தான். அங்கே எச்சரிக்கைக் கோடு 80, இங்கே -20, அதுவும் ஒன்றுதான். ஆகவே ஒன்றுக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு கொடுத்துவிடுங்கள். வேறு வேறு ஆள்போலத் தெரியும்.

3. மூன்றும் ‘ஓவர்பாட்’ என்றதும் 516-க்கு விற்றுவிடுங்கள். பலமான ஏற்றத்தில் இவை வாரக்கணக்கில் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைப் பங்கு 560-க்குப் போன பிறகு தெரிந்துகொள்ளலாம்.

4. ஒரு விஷப்பரீட்சையை மட்டும் தவிருங்கள். வில்லியம்ஸை அழித்துவிட்டுப் பழைய சார்ட்டை ஓட்டிப் பார்த்தால், ஒரு முடிவுகூட மாறியிருக்காது.

5. குடும்பத்துக்கு ஒன்று என்று பொறுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு மொமென்டம் அளவுகோல்கள் ஒன்றைவிடச் சிறந்தவை அல்ல, அதற்குத் துணையாக வால்யூமைப் பார்க்கலாம் என்று பாலிஞ்சர் பேண்ட் தந்த ஜான் பாலிஞ்சரே சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும்? போக்குக்கு 200 நாள் சராசரி, வேகத்துக்கு ஆர்.எஸ்.ஐ., ஆட்டத்துக்கு ஏ.டி.ஆர்., வால்யூமுக்கு ஓ.பி.வி. என்று நாலே நாலு மிஞ்சும். நம் பங்கு 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கிறது, ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டியது அங்கே ஏற்றத்தின் பலமாகவும் இருக்கலாம். ஏ.டி.ஆர்., அதாவது சராசரி உண்மை வீச்சு, 8 ரூபாய் என்றால் அதன் இரு மடங்கு கீழே, 500-இல், ஸ்டாப்லாஸ் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள்.

6. இந்த நாலும் அடிக்கடி ஒத்துப்போகாது. போக்கு ஏறுமுகம் என்னும், ஓ.பி.வி. வாங்குவோர் குறைகிறார்கள் என்னும். போதாததற்கு, முதல் மூன்றும் விலையிலிருந்தே பிறந்தவை. வெளியிலிருந்து புதுத் தகவல் கொண்டுவருவது வால்யூம் ஒன்றுதான். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே யோசிக்க வேண்டியிருக்கும். நஷ்டம் வந்தால், “மூணு இண்டிகேட்டரும் சொல்லுச்சே” என்று கை காட்டவும் வழியிருக்காது.