கிலோமீட்டருக்கு 14தான் சார்

டிராவல்ஸ் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பில் வந்த பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

தாம்பரத்தில் டீக்கடையை ஒட்டிய சின்ன அறை, சுவரில் வேளாங்கண்ணி மாதாவும் திருப்பதி பெருமாளும் அருகருகே, வாசலில் மஞ்சள் போர்டு போட்ட இரண்டு கார்கள். இதுதான் அவர் நிறுவனம். போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பார். ரேட் கேட்டால், "செடான் கிலோமீட்டருக்கு 14தான் சார்" என்பார். எதிர்முனையில் இருப்பவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படச் சற்று அவகாசம் கொடுப்பார். பிறகு மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி வரி மாதிரி ஒரே மூச்சில் வரும்: "ஒரு நாளைக்கு மினிமம் 250, பேட்டா 500, டோல் பார்க்கிங் தனி, ஸ்டேட் தாண்டினா பர்மிட் தனி, மலை ஏறினா தனி, ஷெட் டு ஷெட். எப்ப சார் கிளம்பறீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேட்டவர் காதில் 14 மட்டும் தங்கியிருக்கும்.

எதிர்முனையில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இருப்பார். அவரிடமும் ஒரு கணக்கு உண்டு. "ஏம்ப்பா, டீசல் வண்டி லிட்டருக்கு 20 கொடுக்கும். கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபாய்கூட ஆகாதே, எதுக்கு 14?" அண்ணன் கோபப்பட மாட்டார். "சார், பேங்க்ல டியூ கட்டறது டீசல்ல இல்ல சார்" என்பார். கும்பகோணத்தில் ஐயா சாமி கும்பிடும்போது வண்டி நின்றாலும் வட்டி நிற்பதில்லை. வண்டி வெளியூரில் இருக்கும் நாளில் ஏர்போர்ட் டிரிப் ஒன்றுகூடப் போக முடியாது. 250 மினிமம் வந்த காரணமே அதுதான். இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் பில்லைத் தீர்மானிப்பது 14-உம் இல்லை, 250-உம் இல்லை. நள்ளிரவு 12 மணிதான். அவருடைய நாள் காலண்டர் நாள். இரவு பத்து மணிக்கு ஏறினாலும் அந்தத் தேதி முழு நாள்தான். 24 மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு ஏறுபவர்களால்தான் டிராவல்ஸ் தொழில் தழைக்கிறது.

மயிலாப்பூர் வங்கி ஐயாவின் கும்பகோணப் பயணத்தையே பார்ப்போம். போக வர 590 கிலோமீட்டர், திருநாகேஸ்வரம், சுவாமிமலை என்று கோயில் சுற்ற 80. ஷெட் டு ஷெட் என்றால் மீட்டர் ஐயா வீட்டு வாசலில் ஓடத் தொடங்காது. தாம்பரத்திலிருந்து காலி வண்டி மயிலாப்பூர் வர 25, விட்டுவிட்டுத் திரும்ப 25. ஆக 720. தாம்பரம் தாண்டித்தான் கும்பகோணம் போக வேண்டும் என்பதால், வண்டி தன் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே திரும்பவும் ஒருமுறை ஓடும். அதற்கும் ஐயாதான் காசு கொடுப்பார்.

சனி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு ஒன்பதுக்குத் திரும்பியிருந்தால் இரண்டு நாள். மினிமம் 500, ஓடியது அதைத் தாண்டிவிட்டதால் 720-க்கே காசு. 10,080 ரூபாய், பேட்டா 1,000 சேர்த்து 11,080. டோல் தனி.

ஐயா வெள்ளி இரவே கிளம்பினார். "ராத்திரி தூங்கிட்டே போயிடலாம், லாட்ஜ் வாடகை மிச்சம்." வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள், மினிமம் 750. இதில் பெரிய அடி இல்லை. ஓடியதே 720 என்பதால் கூடுதல் 30 கிலோமீட்டரும் ஒரு பேட்டாவும்தான்: 920 ரூபாய். மொத்தம் 12,000. லாட்ஜோடு ஒப்பிட்டால் ஐயா ஜெயித்த மாதிரிதான்.

ஞாயிறு இரவு 11.35-க்கு மயிலாப்பூரில் இறங்கியபோதும் ஐயாவுக்கு அந்த வெற்றிக்களை இருந்தது. வண்டி ஷெட்டில் நுழைந்தபோது மணி 12.20. திங்கட்கிழமை. ஐயா வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்துக்கு இன்னொரு 250 கிலோமீட்டர், இன்னொரு பேட்டா, 4,000 ரூபாய். பில் 16,000.

"நான் பன்னிரண்டுக்கு முன்னாடியே இறங்கிட்டேனே?"

"நீங்க இறங்கிட்டீங்க சார். வண்டி இறங்கலையே. ஷெட் டு ஷெட்னு சொன்னேனே சார்."

சொன்னார்தான். டீசல் முதல் வட்டிவரை விசாரித்த ஐயா, நாள் எந்த இடத்தில் முடிகிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சரி சார், உங்க வீட்டு வாசலோட க்ளோஸ் பண்ணிக்கறேன்" என்று அண்ணனே சொல்லியிருப்பார். கேட்டதற்கு மறுக்க மாட்டார், கேட்காததைக் கொடுக்கவும் மாட்டார்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மினிமத்தை மொத்தமாகப் பார்ப்பதா, நாள்வாரியாகவா? முதல் நாள் 400, மறுநாள் ஊருக்குள்ளேயே 60 ஓடினால், மொத்தக் கணக்கில் 500-க்குக் காசு. நாள்வாரி என்றால் 400-உம் 250-உம், 650. அண்ணன் மொத்தமாகத்தான் போடுவார். நாள்வாரியாகப் போடுபவர்களைப் பற்றி, "அதெல்லாம் பாவம் சார்" என்று சுவரில் இருக்கும் இருவரையும் பார்த்துச் சொல்வார்.

டோலில் அவரைச் சந்தேகிப்பது வீண். பரனூரில் வண்டி நுழைந்ததும் ஃபாஸ்டேக் மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். கேட்டால் அப்படியே அனுப்புவார். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் டோலில் சலுகை உண்டே என்று ஐயா பிடித்தார். உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை தாண்டிய கேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து சலுகை கேட்க முடியாது. அண்ணன் நாளைக் காலண்டரில் எண்ணுகிறார், டோல்காரர் கடிகாரத்தில் எண்ணுகிறார். ஐயாவுக்கு இரண்டிலும் நஷ்டம்.

பேட்டாவில்தான் கொஞ்சம் மனக்கசப்பு. அந்த 500-ல் டிரைவர் சாப்பிட வேண்டும். நைட் ஹால்ட்டுக்கு லாட்ஜில் டிரைவர் ரூம் இல்லையென்றால் சீட்டைச் சாய்த்துக் கொசுவோடு படுக்க வேண்டும். வெள்ளி இரவு முழுக்க ஓட்டியவர் சனி காலை மகாமகக் குளத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணயர்ந்தார். "தூங்கறதுக்கா காசு கொடுக்கறோம்?" என்றார் ஐயா, வழியெல்லாம் பின்சீட்டில் தூங்கிவந்தவர். டிரைவர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

போன மாதம் அண்ணன் குடும்பத்தோடு குலதெய்வம் கும்பிடக் கிளம்பினார். பன்னிரண்டு பேர். அவரிடம் வேன் இல்லை. பல்லாவரத்தில் இன்னொரு அண்ணனிடம் பேசினார். ரேட்டே கேட்கவில்லை. "என் வாசல்ல இருந்துதானே மீட்டர்?" என்றுதான் தொடங்கினார். விடியற்காலை நாலரைக்கு எல்லோரையும் ஏற்றிவிட்டார். திரும்பும்போது அவர் மச்சினர் மேல்மருவத்தூரில் இறங்கி அம்மனையும் பார்த்துவிடலாமே என்றார். மணி ஒன்பதே கால்.

"பார்க்கலாம் மச்சான்," என்றார் அண்ணன், "நீ இறங்கிப் பார்த்துட்டு பஸ்ல வா."